ஐந்து வண்டி, ஐந்து வழித்தடம்: கோடு போடும் இடத்தில் தடுமாறாமல் ஒதுக்கீட்டுக் கணக்கைக் கையால் முடிப்பது

கேள்வி: வண்டிகளை வழித்தடங்களுக்குக் குறைந்த செலவில் ஒதுக்கும் கணக்கில் நிரைக் கழித்தல், நிரல் கழித்தல் வரை சரியாகச் செய்துவிடுகிறேன். அப்புறம் கோடு போடும்போதுதான் குழப்பம். சில சமயம் 5 கோடு வந்துவிட்டது என்று நிறுத்தினால் 5 ஒதுக்கீடு அமையவில்லை. கடைசியில் வரும் விடை சரிதானா என்று தேர்வறையிலேயே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

பதில்:

வழி இருக்கிறது. அட்டவணையிலிருந்து இதுவரை எவ்வளவு கழித்தோம் என்று ஓரத்தில் ஒரு சிறு கணக்கு வைத்துக்கொண்டே போக வேண்டும். கடைசி ஒதுக்கீட்டின் மொத்தச் செலவும் அந்த ஓரக் கணக்கும் ஒன்றாக இருந்தால் விடை சரி, இல்லையென்றால் எங்கோ பிழை. ஏன் அப்படி என்பது கணக்கைச் செய்து பார்த்தால் தானாகப் புரியும். கோடு போடும் குழப்பமும் அதிலேயே தீரும். இந்த அட்டவணையை எடுத்துக்கொள்வோம். நிரைகளில் வண்டிகள், நிரல்களில் வழித்தடங்கள், கட்டத்தில் இருப்பது அந்த வண்டி அந்த வழித்தடத்தில் ஒரு நாள் ஓடினால் ஆகும் செலவு.

| வண்டி | அ | ஆ | இ | ஈ | உ |
|---|---|---|---|---|---|
| 1 | 11 | 6 | 9 | 16 | 12 |
| 2 | 15 | 9 | 14 | 15 | 17 |
| 3 | 12 | 15 | 13 | 15 | 16 |
| 4 | 18 | 13 | 10 | 17 | 16 |
| 5 | 13 | 8 | 15 | 17 | 18 |

முதலில், முறை எதுவும் இல்லாமல் கண்ணுக்குக் குறைவாகத் தெரிவதை எடுத்துக்கொண்டே போனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். மிகச் சிறிய எண் 6, அதனால் வண்டி 1-க்கு ஆ. அடுத்து வண்டி 4-க்கு இ, செலவு 10. அப்புறம் வண்டி 3-க்கு அ, 12. வண்டி 2-க்கு ஈ, 15. மிச்சமிருப்பது வண்டி 5-உம் வழித்தடம் உ-வும், 18. மொத்தம் 61. முதலில் 6-ஐ ஆசையாக எடுத்ததற்குக் கடைசியில் 18 கட்ட வேண்டியதாகிறது. இதைவிடக் குறைவு உண்டா? மொத்தம் 120 விதமாக ஒதுக்கலாம், அத்தனையையும் தேர்வில் எழுதிப் பார்க்க முடியாது. அதற்குத்தான் ஹங்கேரியன் முறை. கூன் 1955-இல் இதை வெளியிட்டபோது, ஹங்கேரியைச் சேர்ந்த கூனிக், எகர்வாரி ஆகிய இருவரின் முந்தைய முடிவுகள்மேல் இது நிற்கிறது என்பதால் இந்தப் பெயரை வைத்தார். கூனிக்கின் முடிவு கோடு போடும் இடத்தில் நமக்கு நேரடியாகத் தேவைப்படும்.

நிரைக் கழித்தல் உங்களுக்குத் தெரியும் என்பதால் வேகமாகப் போகிறேன். ஒவ்வொரு நிரையிலும் மிகச் சிறியவை 6, 9, 12, 10, 8. கழித்துவிட்டு ஓரத்தில் கூட்டலை எழுதுங்கள்: 45. அடுத்து நிரல்கள். அ, ஆ, இ மூன்றிலும் ஏற்கெனவே பூச்சியம் இருக்கிறது. ஈ-யில் மிகச் சிறியது 3, உ-வில் 4. அவற்றையும் கழித்தால் ஓரக் கணக்கு 45 + 7 = 52.

| வண்டி | அ | ஆ | இ | ஈ | உ |
|---|---|---|---|---|---|
| 1 | 5 | 0 | 3 | 7 | 2 |
| 2 | 6 | 0 | 5 | 3 | 4 |
| 3 | 0 | 3 | 1 | 0 | 0 |
| 4 | 8 | 3 | 0 | 4 | 2 |
| 5 | 5 | 0 | 7 | 6 | 6 |

அந்த 52-க்கு ஒரு பொருள் உண்டு. எந்த ஒதுக்கீட்டை எடுத்தாலும் ஒவ்வொரு நிரையிலும் ஒரே ஒரு கட்டம்தான் வரும், ஒவ்வொரு நிரலிலும் அப்படியே. ஆகவே ஒரு நிரை முழுவதிலும் 6 கழித்தால் 120 ஒதுக்கீடுகளின் செலவும் ஒரே மாதிரி 6 குறையும், எது மலிவு என்ற வரிசை மாறாது. இப்போது அட்டவணையில் எதிர்மறை எண் எதுவும் இல்லை. எனவே எப்படி ஒதுக்கினாலும் செலவு 52-க்குக் கீழே போகவே முடியாது. பூச்சியங்களில் மட்டுமே ஐந்து வண்டியையும் உட்கார வைக்க முடிந்தால் செலவு சரியாக 52. முடியாவிட்டால் 52 போதவில்லை, அந்தக் கீழ்வரம்பை உயர்த்த வேண்டும். கோடு போடுவது அதற்குத்தான்.

சரி, உட்கார வைத்துப் பார்ப்போம். வண்டி 1-இன் நிரையில் ஒரே பூச்சியம், ஆ-வில். அதை எடுத்து, ஆ நிரலில் வண்டி 2, 5-க்கு உள்ள பூச்சியங்களை அடித்துவிடுகிறோம். வண்டி 4-க்கு இ. வண்டி 3-க்கு அ, ஈ, உ மூன்றும் இருக்கின்றன, அ-வை எடுப்போம். மூன்று வண்டி முடிந்தது. வண்டி 2-உம் 5-உம் வெளியே நிற்கின்றன, ஏனென்றால் 1, 2, 5 மூன்றுமே ஆ ஒன்றையே கேட்கின்றன.

நீங்கள் தடுமாறும் இடம் இதுதான். விதி “எல்லாப் பூச்சியங்களையும் கோடுகளால் மூடு” என்று மட்டும் சொல்லவில்லை, “மிகக் குறைந்த எண்ணிக்கையிலான கோடுகளால் மூடு” என்கிறது. ஐந்து நிரைகளிலும் ஐந்து கோடு போட்டால் எந்த அட்டவணையிலும் எல்லாப் பூச்சியமும் மூடிவிடும், அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. 5 கோடு வந்தும் ஒதுக்கீடு அமையவில்லை என்றால் தேவைக்கு அதிகமாகக் கோடு போட்டிருக்கிறீர்கள், அல்லது ஒதுக்கீட்டைச் சரியாகத் தேடவில்லை. மூன்றாவது காரணம் கிடையாது. கூனிக்கின் முடிவு சொல்வது இதைத்தான்: ஒரே நிரையிலோ ஒரே நிரலிலோ இரண்டு வராதபடி அதிகபட்சம் எத்தனை பூச்சியங்களை எடுக்க முடியுமோ, அத்தனை கோடுகளே எல்லாவற்றையும் மூடப் போதும். கண்ணால் பார்த்துக் கோடு போடுவதை விட்டுவிட்டு, டிக் போடும் வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும், ஆனால் ஏமாற்றாது.

ஒதுக்கீடு கிடைக்காத நிரைகளுக்கு டிக்: 2, 5. டிக் உள்ள நிரையில் பூச்சியம் எந்த நிரலில் இருக்கிறதோ அந்த நிரலுக்கு டிக்: ஆ. டிக் உள்ள நிரலில் எந்த நிரைக்கு ஒதுக்கீடு நடந்திருக்கிறதோ அந்த நிரைக்கு டிக்: 1. நிரை 1-இல் வேறு பூச்சியம் இல்லை, அதனால் இங்கே நிற்கிறது. இப்போது டிக் இல்லாத நிரைகளிலும் டிக் உள்ள நிரல்களிலும் கோடு. அதாவது நிரை 3, நிரை 4, நிரல் ஆ. மூன்று ஒதுக்கீடு, மூன்று கோடு. இந்த இரண்டு எண்ணும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லையா, மேலே போகாமல் அங்கேயே நின்று திரும்பிப் பாருங்கள்.

நிரைக்கும் நிரலுக்கும் கோடு போடும் விதி தலைகீழாக இருப்பதால் பலர் மாற்றிப் போட்டுவிடுவார்கள். நான் மனதில் வைத்துக்கொள்வது இப்படி: டிக் விழுந்த வண்டிகள் ஒரே வழித்தடத்துக்காகச் சண்டை போடுகிறவை. சண்டைக்குக் காரணமான வழித்தடத்தை மூடுகிறோம், சண்டைக்காரர்களுக்குப் புதுப் பூச்சியம் கிடைக்க வேண்டும் என்பதால் அவர்களுடைய நிரைகளைத் திறந்தே விடுகிறோம்.

கோடு படாத கட்டங்களில் மிகச் சிறிய எண்ணைத் தேடுங்கள். நிரை 1, 2, 5-இல் ஆ தவிர்த்த கட்டங்கள்: 5, 3, 7, 2, பிறகு 6, 5, 3, 4, பிறகு 5, 7, 6, 6. மிகச் சிறியது 2. கோடு படாத எல்லாவற்றிலும் 2 கழி, இரண்டு கோடுகள் வெட்டும் கட்டங்களில் 2 கூட்டு, மற்றதைத் தொடாதே என்பது விதி. மனப்பாடமாகவே பலர் எழுதுகிறார்கள், உள்ளே நடப்பது எளிதானது. டிக் உள்ள மூன்று நிரைகளிலிருந்து 2 கழிக்கிறோம். அப்படிச் செய்தால் ஆ நிரலில் இருந்த பூச்சியங்கள் -2 ஆகிவிடும், அதைச் சரிக்கட்ட ஆ நிரல் முழுவதிலும் 2 கூட்டுகிறோம். நிரை 3, 4-இல் எதுவும் கழிக்காததால் அங்கே ஆ கட்டத்தில் 2 கூடிவிடுகிறது. வெட்டும் கட்டத்தில் கூட்டுவதன் காரணம் அவ்வளவுதான்.

ஓரக் கணக்கு? மூன்று நிரையில் 2 கழித்தோம், ஒரு நிரலில் 2 கூட்டினோம். நிகரம் 4. எனவே 52 + 4 = 56. சுருக்கமாக, கழித்த எண்ணை (5 − கோடுகளின் எண்ணிக்கை)-ஆல் பெருக்கிக் கூட்டினால் போதும்: 2 × (5 − 3) = 4.

| வண்டி | அ | ஆ | இ | ஈ | உ |
|---|---|---|---|---|---|
| 1 | 3 | 0 | 1 | 5 | 0 |
| 2 | 4 | 0 | 3 | 1 | 2 |
| 3 | 0 | 5 | 1 | 0 | 0 |
| 4 | 8 | 5 | 0 | 4 | 2 |
| 5 | 3 | 0 | 5 | 4 | 4 |

மறுபடி ஒதுக்குகிறோம். முன்பு போட்ட ஒதுக்கீட்டை மறந்துவிட்டுப் புதிதாகவே தொடங்குங்கள். நிரை 2-இல் ஒரே பூச்சியம், ஆ. அதை எடுத்தால் வண்டி 1-க்கும் 5-க்கும் ஆ அடிபடுகிறது. வண்டி 1-க்கு உ மிச்சம், எடுத்துக்கொள்கிறது. வண்டி 4-க்கு இ. வண்டி 3-க்கு உ போய்விட்டது, அ எடுப்போம். வண்டி 5 வெளியே நிற்கிறது. டிக்: நிரை 5, அதனால் நிரல் ஆ, அதனால் நிரை 2. அங்கே நிற்கிறது. கோடுகள்: நிரல் ஆ, நிரை 1, 3, 4. நான்கு ஒதுக்கீடு, நான்கு கோடு. சரி.

கோடு படாதவை நிரை 2-இல் 4, 3, 1, 2, நிரை 5-இல் 3, 5, 4, 4. மிகச் சிறியது 1. நிரை 2, 5-இல் ஆ தவிர்த்து 1 கழிக்கிறோம், நிரை 1, 3, 4-இன் ஆ கட்டங்களில் 1 கூட்டுகிறோம். நிரை 1-இன் ஆ 0-விலிருந்து 1 ஆகிறது. இருந்த பூச்சியம் காணாமல் போகிறதே என்று பயப்பட வேண்டாம், வெட்டும் கட்டத்தில் இருந்த பூச்சியம் அப்படிப் போகத்தான் செய்யும். ஓரக் கணக்கு 56 + 1 × (5 − 4) = 57.

| வண்டி | அ | ஆ | இ | ஈ | உ |
|---|---|---|---|---|---|
| 1 | 3 | 1 | 1 | 5 | 0 |
| 2 | 3 | 0 | 2 | 0 | 1 |
| 3 | 0 | 6 | 1 | 0 | 0 |
| 4 | 8 | 6 | 0 | 4 | 2 |
| 5 | 2 | 0 | 4 | 3 | 3 |

இந்த அட்டவணையில் ஒரு பொறி இருக்கிறது. அவசரத்தில் மேலிருந்து கீழே போய், வண்டி 2-க்கு முதலில் கண்ணில் படும் ஆ-வைக் கொடுத்துவிட்டால் வண்டி 5 மறுபடியும் வெளியே நிற்கும். நான்குதான் வருகிறது, இன்னொரு சுற்றுப் போக வேண்டும் என்று நினைத்துவிடுவீர்கள். டிக் வழி இதைக் காட்டிக்கொடுக்கும். நிரை 5-க்கு டிக், நிரல் ஆ-வுக்கு டிக், அங்கே ஒதுக்கீடு பெற்ற நிரை 2-க்கு டிக், நிரை 2-இல் ஈ-யிலும் பூச்சியம் இருப்பதால் நிரல் ஈ-க்கு டிக். ஆனால் ஈ-யில் யாருக்கும் ஒதுக்கீடு இல்லை! யாருமில்லாத நிரலில் டிக் விழுந்தால் கோடு போடக் கூடாது. வந்த பாதையிலேயே திரும்பிப் போய் ஒதுக்கீட்டை நகர்த்த வேண்டும்: வண்டி 2 ஈ-க்குப் போகிறது, காலியான ஆ வண்டி 5-க்கு. உங்களுடைய “5 கோடு வந்தது, ஒதுக்கீடு வரவில்லை” என்ற சிக்கல் பெரும்பாலும் இந்த இடத்தில் உண்டாவதுதான் என்று நினைக்கிறேன். ஒற்றைப் பூச்சியம் உள்ள நிரைகளை முதலில் எடுத்தால் (இங்கே 1, 4, 5) பொறி கண்ணிலேயே படாது.

ஒதுக்கீடு: 1 – உ, 2 – ஈ, 3 – அ, 4 – இ, 5 – ஆ. செலவை முதல் அட்டவணையிலிருந்து எடுங்கள்: 12 + 15 + 12 + 10 + 8 = 57. ஓரக் கணக்கும் 57. எந்த ஒதுக்கீடும் 57-க்குக் கீழே போக முடியாது என்று ஓரக் கணக்கு சொல்கிறது, 57-இல் ஒன்று கையில் இருக்கிறது. வேறு நிரூபணம் வேண்டாம். மிகக் குறைந்த 6-ஐ நாம் தொடவே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

இந்தச் சோதனை எல்லாப் பிழையையும் பிடிக்குமா? பிடிக்காது. வெட்டும் கட்டங்களில் கூட்ட மறந்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கின் முதல் சுற்றில் 3 – ஆ, 4 – ஆ இரண்டையும் 3 என்றே விட்டிருந்தாலும் அவை பூச்சியமாகாததால் விடை தப்பித்துவிடும், ஓரக் கணக்கும் ஒத்துப்போகும். ஆனால் திருத்துபவர் அட்டவணையைப் பார்ப்பார், இன்னொரு கணக்கில் அதே பிழை விடையையும் கெடுக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு கட்டத்தை மட்டும் எடுத்து நேராகச் சரிபார்க்கலாம். 5 – உ கட்டத்தின் தொடக்க எண் 18. நிரை 5-இல் மொத்தம் கழித்தது 8 + 2 + 1 = 11, நிரல் உ-வில் 4. 18 − 11 − 4 = 3, கடைசி அட்டவணையிலும் 3. வெட்டும் கட்டம் 3 – ஆ-வைப் பார்த்தால் 15 − 12 = 3, ஆ நிரலில் 2-உம் 1-உம் கூட்டியிருப்பதால் 6. சரியாக இருக்கிறது. எல்லாக் கட்டங்களையும் பார்க்க நேரம் இருக்காது, வெட்டும் கட்டங்களில் ஒன்றிரண்டைப் பார்த்தால் போதும்.

இதன் தொடர்ச்சியாகத் தேர்வுக் கேள்வியின் இரண்டாம் பிரிவில் அடிக்கடி கேட்பது: “வண்டி 5 உயரம் அதிகம், வழித்தடம் ஆ-வில் உள்ள தாழ்வான பாலத்தில் போக முடியாது. புதிய ஒதுக்கீடு என்ன?” அந்தக் கட்டத்தில் மிகப் பெரிய செலவு என்ற பொருளில் `M` என்று எழுத வேண்டும். அதில் எதைக் கழித்தாலும் கூட்டினாலும் `M`-ஆகவே இருக்கும். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஒரு கட்டத்தின் செலவு கூடினால் நம் கழித்தல்கள் எதுவும் செல்லாமல் போவதில்லை, எதிர்மறை எண் எங்கும் வராது. அதனால் கடைசி அட்டவணையிலேயே 5 – ஆ-வை மட்டும் `M` ஆக்கித் தொடரலாம்.

நிரை 5 இப்போது 2, `M`, 4, 3, 3. பூச்சியமே இல்லை, 2 கழிக்கிறோம்: 0, `M`, 2, 1, 1. ஓரக் கணக்கு 57 + 2 = 59. ஒற்றைப் பூச்சியம் உள்ளவை முதலில்: 5 – அ, 4 – இ, 1 – உ. வண்டி 3-க்கு அ-வும் உ-வும் போய்விட்டன, மிச்சம் ஈ. வண்டி 2-க்கு ஆ. ஐந்தும் அமைந்துவிட்டன. செலவு 13 + 10 + 12 + 15 + 9 = 59, ஒத்துப்போகிறது. ஒரு வண்டியைத் தடுத்ததால் மூன்று வண்டிகள் இடம் மாறின, செலவு கூடியது என்னவோ 2 மட்டும். ஆனால் கவனம், இந்தக் குறுக்குவழி செலவு கூடும்போதுதான் நேராகச் செல்லும். ஒரு கட்டத்தின் செலவு குறைந்தால் கடைசி அட்டவணையில் அங்கே எதிர்மறை எண் வந்துவிடக்கூடும், அப்போது மறுபடி கழித்தலிலிருந்து தொடங்குங்கள்.

வழித்தடம் நான்கு, வண்டி ஐந்து என்று வந்தால் எல்லாம் 0 உள்ள ஒரு போலி நிரலைச் சேர்க்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்போது ஒவ்வொரு நிரையிலும் மிகச் சிறியது 0 ஆகிவிடுவதால் நிரைக் கழித்தலில் எதுவும் மாறாது. ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று அங்கே குழம்பாமல் நேராக நிரல் கழித்தலுக்குப் போங்கள். போலி நிரல் எந்த வண்டிக்குக் கிடைக்கிறதோ அது அன்று ஓடாது. “வண்டி 3 கட்டாயம் ஓட வேண்டும்” என்று கேள்வியில் இருந்தால் அதன் போலிக் கட்டத்தில் `M` போடுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் தனியாகச் சொல்லித் தருவதில்லை. சில கேள்விகளில் அட்டவணை கிலோமீட்டரில் இருக்கும், ஒவ்வொரு வண்டிக்கும் கிலோமீட்டருக்கு ஆகும் செலவு தனியாகக் கொடுத்திருக்கும். கிலோமீட்டர் அட்டவணையிலேயே ஒதுக்கிவிட்டுக் கடைசியில் செலவால் பெருக்கினால் தவறு. ஒரு நிரை முழுவதிலும் ஒரே எண்ணைக் கூட்டினாலோ கழித்தாலோதான் ஒதுக்கீடு மாறாது, ஒரு நிரையை மட்டும் பெருக்கினால் மாறக்கூடும். எல்லா வண்டிக்கும் ஒரே செலவு என்றால் கவலையில்லை. வெவ்வேறு என்றால் முதலில் நிரை நிரையாகப் பெருக்கிச் செலவு அட்டவணையை எழுதிக்கொண்டு, அப்புறம் கழிக்கத் தொடங்குங்கள்.